தலை சுற்றாத கேமரா நடை

அஸ்திவாரம் தோண்டும் முன்பே, கட்டப்போகும் வீட்டுக்குள் நடந்து பார்ப்பதுபோன்ற வீடியோவை இன்று சின்ன ஊர்ப் பொறியாளர்கள்கூட வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கேட்டில் தொடங்கும் கேமரா போர்டிகோவைத் தாண்டி, ஹாலுக்குள் நுழைந்து, சாப்பாட்டு அறைப் பக்கம் திரும்பி, பின்புற முற்றத்தில் போய் நிற்கும். சுவரின் நிறம், தரையின் பளபளப்பு, ஜன்னல் வழியே விழும் வெயில் எல்லாம் நேர்த்தியாக இருக்கும். ஆனாலும் பார்த்து முடிப்பதற்குள் பலருக்குத் தலை சுற்றும். மாடலில் குறை இருக்காது. கேமரா நடந்த விதத்தில்தான் இருக்கும்.

பலரும் முதலில் செய்வது என்ன? கேமராவைக் கேட்டருகே வைத்து ஒரு கீ, அதாவது ‘இந்த ஃப்ரேமில் இங்கே இரு’ என்ற குறிப்பு. ஹாலின் மூலையில் இன்னொன்று. முற்றத்தில் மற்றொன்று. நடுவில் உள்ள ஃப்ரேம்களை மென்பொருளே நிரப்பிக்கொள்ளும். சிக்கல் அந்த மூலையில் இருக்கிறது. ப்ளெண்டர் போன்ற மென்பொருள் நீளவாக்கில் போகும் அசைவையும் அகலவாக்கில் போகும் அசைவையும் தனித்தனியாகக் கணக்கிடுகிறது. மூலைக்கு வரும்போது ஒன்று மெல்லத் தணிந்து நிற்கிறது, மற்றொன்று நின்ற நிலையிலிருந்து மெல்லக் கிளம்புகிறது. ஆகவே கேமரா அங்கே ஏறக்குறைய நின்றுவிட்டு மறுபடி புறப்படுகிறது. சரிசெய்யலாம் என்று மேலும் நாலு கீ வைத்தால், ஒவ்வொன்றுக்கும் நடுவே தூரமும் நேரமும் பொருந்தாமல் டவுன் பஸ் போல வேகம் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும்.

அதனால் பாதையையும் வேகத்தையும் பிரித்துவிட வேண்டும். எந்த வழியாகப் போவது என்பதை ஒரு வளைகோடு சொல்லட்டும். எவ்வளவு நேரத்தில் போவது என்பதை ஒரே ஒரு எண் சொல்லட்டும். ப்ளெண்டரில் கண் மட்டத்தில், தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில், ஒரு பெசியர் வளைகோட்டை வரைந்து, கேமராவுக்கு `Follow Path` கட்டுப்பாட்டைக் கொடுத்து, அதில் `Fixed Position` பெட்டியைத் தேர்ந்துகொண்டால் `Offset Factor` என்ற எண் தோன்றும். 0 என்றால் கோட்டின் தொடக்கம், 1 என்றால் முடிவு. 0.5 என்றால் கோட்டின் நீளத்தில் சரிபாதி. இடையில் எத்தனை புள்ளிகள் இருந்தாலும் கணக்கு நீளத்தை வைத்துத்தான் என்பதால், இந்த எண் சீராக ஏறினால் கேமராவும் சீராக நகரும். கோட்டில் புள்ளிகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு புள்ளியின் இரு பக்கக் கைப்பிடிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் பாதை முறியும்.

இனி வேகம். கேட்டிலிருந்து முற்றம் வரை பாதை 24 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிளானில் அளந்தாலே தெரிந்துவிடும். வீட்டுக்குள் நிதானமாக நடப்பவரின் வேகமாக விநாடிக்கு 1.2 மீட்டரை எடுத்துக்கொள்ளலாம். விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 4.8 சென்டிமீட்டர். நின்ற இடத்திலிருந்து எடுத்த எடுப்பில் இந்த வேகம் வந்தால் உதறும். ஆகவே முதல் 2 விநாடியில் வேகம் படிப்படியாக ஏறட்டும், கடைசி 2 விநாடியில் அதேபோல் இறங்கட்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் சராசரி வேகம் பாதிதான் என்பதால் ஒவ்வொன்றிலும் 1.2 மீட்டர் கடக்கும். மீதி 21.6 மீட்டருக்கு 18 விநாடி. மொத்தம் 22 விநாடி.

இதை நான்கு கீகளில் அடக்கிவிடலாம். 1.2 மீட்டர் என்பது 24-இல் இருபதில் ஒரு பங்கு, அதாவது 0.05.

```
ஃப்ரேம்   Offset Factor   அடுத்த கீ வரை
1         0.00            Quadratic, Ease In
51        0.05            Linear
501       0.95            Quadratic, Ease Out
551       1.00
```

இந்த எண்கள் ஒன்றோடொன்று இழைவதைப் பாருங்கள். நடுப்பகுதியில் 450 ஃப்ரேமில் 0.9 ஏறுகிறது, ஃப்ரேமுக்கு 0.002. முதல் 50 ஃப்ரேமில் இருபடியாக 0.05 ஏறும் வேகம், 51-ஆம் ஃப்ரேமைத் தொடும்போது அதே 0.002-க்கு வந்துசேர்கிறது. இணைப்பு எங்கே இருக்கிறது என்றே கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது கீயில் மட்டும் கவனம் வேண்டும். `Ease Out` என்பதை நாமே தேர்ந்தெடுக்காவிட்டால் ப்ளெண்டர் அதை `Ease In` என்றே எடுத்துக்கொள்ளும். அப்போது முற்றத்துக்குச் சற்று முன்னால் கேமரா சட்டென நின்று, மறுபடி வேகமெடுத்து, முட்டிக்கொண்டதுபோல் நிற்கும்.

இத்தனை எதற்கு, முதலிலும் கடைசியிலும் இரண்டே கீ வைத்து வழக்கமான மென்வளைவை விட்டுவிடலாமே என்று தோன்றும். நான் அதை ஏற்பதில்லை. அந்த வளைவு தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் மென்மையாக்குவதில்லை, பயணம் முழுவதையும் இழுத்து வளைக்கிறது. நட்டநடுவில் வேகம் சராசரியைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலே போய்விடும். வீட்டுக்காரர் நின்று பார்க்க விரும்பும் ஹாலைத்தான் கேமரா ஓட்டமாகக் கடக்கும்.

கால் சீராக நடந்தாலும் தலை வெடுக்கெனத் திரும்பினால் கிறுகிறுப்பு வரும். கட்டுப்பாட்டில் உள்ள `Follow Curve` கேமராவைப் பாதையின் திசையிலேயே பார்க்க வைக்கும். சாப்பாட்டு அறைத் திருப்பத்தை 2 மீட்டர் ஆரத்தில் வளைத்திருந்தால் அந்தக் கால்வட்டம் 3 மீட்டரைச் சற்றே தாண்டும். நம் வேகத்தில் 2.6 விநாடியில் கேமரா 90 பாகை திரும்பிவிடும். நின்ற இடத்திலிருந்து கேமராவைத் திருப்பும்போது ஒரு பொருள் திரையின் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக 7 விநாடியாவது ஆகட்டும் என்பது ஒளிப்பதிவாளர்களிடையே புழங்கும் கணக்கு. அதோடு ஒப்பிட்டால் இது மிக அதிக வேகம். ஜன்னல் கம்பிகள் திரையில் துடிதுடிப்பதை வைத்தே கண்டுகொள்ளலாம்.

இதற்கு மருந்து, கேமராவுக்கு முன்னால் ஒருவரை நடக்கவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு போவது. வளைகோட்டை நகலெடுத்து, முன்பக்கம் 3 மீட்டரை வெட்டி, பின்பக்கம் 3 மீட்டரை நீட்டுங்கள். நீளம் அதே 24 மீட்டர்தான். அதில் படத்தில் தெரியாத ஒரு `Empty`-யை ஏற்றி, அதே நான்கு கீகளைக் கொடுங்கள். கேமராவில் `Follow Curve` வேண்டாம், `Track To` மூலம் அந்த `Empty`-யைப் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது திருப்பம் வருவதற்கு 3 மீட்டர் முன்பே கேமராவின் பார்வை மெல்லச் சாயத் தொடங்கி, வளைவு முடியும்போது மெல்ல நிலைபெறும். திரும்பும் நேரம் 5 விநாடியாக நீள்கிறது. நடைவேகம் மாறவே இல்லை.

2 மீட்டர் ஆரத்துக்கு இடமில்லாத குறுகிய நடையில் இதுவும் போதாது. அங்கே சுவரை உரசிக்கொண்டு வளைப்பதைவிட வேகத்தைப் பாதியாகக் குறைப்பதே மேல். சுவர் முகத்துக்கு நேரே வந்தால் அதே வேகம் இரு மடங்காகத் தெரியும்.

எல்லாம் சரியா என்று பார்க்க `Motion Paths` வசதி உண்டு. ஒவ்வொரு ஃப்ரேமிலும் கேமரா இருக்கும் இடத்தைப் புள்ளிகளாகக் காட்டும். நடுப்பகுதியில் புள்ளிகள் சம இடைவெளியிலும் இரு முனைகளில் நெருங்கியும் இருக்க வேண்டும். வேறெங்காவது நெருங்கினால் அங்கே கேமரா தயங்குகிறது என்று பொருள். திருப்பத்தின் வேகத்தை இந்தப் புள்ளிகள் சொல்லாது. அதற்கு நிறம், வெளிச்சம் எதுவும் இல்லாத வெறும் சாம்பல் மாடலை `Viewport Render Animation` மூலம் வீடியோவாக்கி, உண்மையான வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வேலைத்திரையில் நேரடியாக ஓட்டிப் பார்த்தால் கணினி திணறுவதும் கேமரா திணறுவதும் ஒன்றாகக் கலந்துவிடும்.

ஃப்ரேமுக்கு 2 நிமிடம் என்றாலும் 551 ஃப்ரேமை ரெண்டர் செய்ய 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே சாம்பல் வீடியோவிலேயே நடையை முடிவு செய்துவிட்டு, ஒரே வீடியோ கோப்பாக இல்லாமல் ஃப்ரேம் ஃப்ரேமாகப் படக்கோப்புகளாகச் சேமியுங்கள். இடையில் கரண்ட் போனாலும் விட்ட ஃப்ரேமிலிருந்து தொடரலாம். வீட்டுக்காரர் ஹால் சுவரின் நிறத்தை மாற்றச் சொன்னாலும் அந்தச் சுவர் தெரியும் ஃப்ரேம்களை மட்டும் மறுபடி எடுத்தால் போதும்.