ஒரு ஆர்டர், ஐம்பது லோடு

கோவையில் மோட்டார் பம்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். வாரம் 1,000 இரும்பு வார்ப்புகள் பவுண்டரியிலிருந்து வர வேண்டும். அதே அச்சு, அதே விலை, அதே சப்ளையர். ஒவ்வொரு லோடுக்கும் புது ஆர்டர் போட்டால், பர்ச்சேஸ் பிரிவு வருஷத்துக்கு 52 முறை ஒரே தாளைத் தயாரித்து, 52 முறை மேனேஜரின் கையெழுத்துக்குக் காத்திருக்கும். அவர் இரண்டு நாள் லீவு என்றால் லோடு தள்ளிப்போகும்.

இதற்கு மாற்றுதான் ஷெட்யூலிங் அக்ரிமென்ட். விலை, தரம், வரி, பணம் தரும் கெடு எல்லாவற்றையும் ஏப்ரலில் ஒரே ஒப்பந்தமாக முடித்துவிடுவார்கள். அதன்பின் எந்தத் தேதியில் எத்தனை வேண்டும் என்ற பட்டியல் மட்டுமே சப்ளையருக்குப் போகும். ஆர்டர் எண் வருஷம் முழுக்க ஒன்றுதான்.

அந்தப் பட்டியலில் எல்லா வாரமும் ஒரே மாதிரி உறுதியானதல்ல. முதல் 2 வாரச் சரக்கைக் கம்பெனி எடுத்தே ஆக வேண்டும் என்று பேசிக்கொள்ளலாம். அடுத்த 4 வாரத்தை ரத்து செய்தால், அதற்காக வாங்கிய இரும்புக்கு மட்டும் பணம். அதற்கப்பால் இருப்பது வெறும் மதிப்பீடு. இதை எழுதிவைக்காவிட்டால், மதிப்பீட்டை நம்பி பவுண்டரி வார்த்துக் குவித்த சரக்கு யார் தலையில் விழும் என்பதில் சண்டை வரும்.

இன்னொரு சிக்கல் கூட்டுத்தொகையில் வரும். பத்தாவது வார முடிவில் 10,000 அனுப்பியதாக பவுண்டரி சொல்கிறது. கம்பெனியின் கணக்கிலோ 8,920 தான். லாரியில் 1,000 வந்துகொண்டிருக்கிறது. மீதி 80? விரிசல் என்று திருப்பி அனுப்பியவை. கம்பெனி அவற்றைக் கழித்துவிட்டது, பவுண்டரி கழிக்கவில்லை. தனித்தனி ஆர்டராக இருந்தால் அந்தந்த ஆர்டரோடு கணக்கு தீர்ந்திருக்கும். இங்கே அது வாராவாரம் பின்தொடரும். அதனால் இரு தரப்பின் மொத்தத்தையும் வாரம் ஒருமுறை ஒப்பிடுகிறார்கள். வித்தியாசம் வழியில் வரும் சரக்குக்குச் சமமாக இருந்தால் கணக்கு சரி.

இரும்பு விலை ஏறினால்? எந்தத் தேதியிலிருந்து புது விலை என்பதை ஒப்பந்தத்தில் திருத்த வேண்டும். மறந்தால், பவுண்டரி புது விலையில் பில் போடும், கம்ப்யூட்டர் பழைய விலையைக் காட்டி நிறுத்தி வைக்கும்.

பிளாங்கெட் ஆர்டர் வேறு ரகம். ஸ்டேஷனரி, சில்லறை ரிப்பேர் மாதிரியான செலவுகளுக்கு, ஒரு கடைக்காரரிடம் வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய் வரை என்று உச்சவரம்பு வைப்பார்கள். எண்ணிக்கையும் தேதியும் முன்கூட்டியே சொல்ல முடியாத இடத்தில் இது கைகொடுக்கும். ஆனால் சில கம்பெனிகளில் ஸ்டோரில் சரக்கு வரவு வைக்காமலே பில் பாஸாகிவிடும். வாங்கிக்கொண்டவர் கையெழுத்தில்லாத பில்லும், ஆறே மாதத்தில் வரம்பைத் தொடும் செலவும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

புது மாடலுக்கான சாம்பிள் வார்ப்பு, ஒரே ஒருமுறை வாங்கும் மெஷின் ஆகியவற்றுக்கு இன்றும் தனி ஆர்டர்தான் போடுகிறார்கள். சாம்பிள் தேறி, மாதாமாதத் தேவை தெரிந்த பிறகே அந்த வார்ப்பு ஷெட்யூலுக்குள் வரும்.