இரண்டு நாழிகைக்கு ஒரு திதி

சங்கடஹர சதுர்த்தி விரதம் இருப்பவர்கள் நிலவைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். மாதாமாதம் அந்த நிலவு இரவு ஒன்பது மணியை ஒட்டியே கிழக்கில் எழுகிறது. சில மாதம் எட்டேகாலுக்கே வந்துவிடும், சில மாதம் பத்து மணி ஆகிவிடும். ஆனால் ஏழு மணிக்கும் வராது, நள்ளிரவு வரை காக்கவும் வைக்காது. சதுர்த்திக்கும் ஒன்பது மணிக்கும் உள்ள இந்த உறவு பிடிபட்டுவிட்டால், மற்றத் திதிகளையும் வானத்தைப் பார்த்தே ஏறத்தாழச் சொல்லிவிடலாம். அதற்கு இரண்டு தடயங்கள் உண்டு. ஒன்று நிலவின் வடிவம், மற்றொன்று அது உதிக்கும் நேரம். ஒன்று ஏமாற்றும் நாளில் மற்றொன்று சரியாகச் சொல்லும் என்பதுதான் இதில் உள்ள நுட்பம்.

பன்னிரண்டு பாகைக் கணக்கு

சூரியனும் நிலவும் வானில் ஒரே திசையில் நிற்பது அமாவாசை முடியும் கணம். அங்கிருந்து நிலவு ஒவ்வொரு நாளும் சூரியனை விட்டுக் கிழக்கே விலகிக்கொண்டே போகிறது. இருவருக்கும் இடையே 12 பாகை இடைவெளி விழுந்தால் ஒரு திதி முடிந்தது. 24 ஆனால் இரண்டாவது திதி முடிந்தது. 180 பாகை வரும்போது நிலவு சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும். அதுதான் பௌர்ணமி முடியும் கணம். முழு வட்டம் 360 பாகை, அதில் 30 திதிகள். இந்த ஒரு சுற்றுக்குச் சராசரியாக ஆகும் காலம் இருபத்தொன்பதரை நாள்.

இனி நேரத்துக்கு வருவோம். வானம் ஒரு நாளில், அதாவது 60 நாழிகையில், ஒரு முழுச் சுற்று சுற்றுவதாக நமக்குத் தெரிகிறது. ஒரு நாழிகைக்கு 6 பாகை. எனவே 12 பாகை திரும்ப இரண்டு நாழிகை ஆகும். ஒரு நாழிகை 24 நிமிடம், இரண்டு நாழிகை 48 நிமிடம். ஒரு திதி கூடினால் நிலவு சுமார் 48 நிமிடம் பிந்தி உதிக்கும். கணக்கு முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

தேய்பிறையில் உதயம் பேசும்

பௌர்ணமியன்று மேற்கில் சூரியன் மறையும்போதே கிழக்கில் நிலவு எழும். மறுநாள் முதல் அது பிந்தத் தொடங்குகிறது. ஆகவே தேய்பிறையில் செய்ய வேண்டியது எளிது. சூரியன் மறைந்த நேரத்தையும் நிலவு உதித்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட நிமிடங்களை 48-ஆல் வகுத்தால் பௌர்ணமிக்குப் பின் எத்தனை திதி முடிந்திருக்கிறது என்று கிடைக்கும். நடப்பது அதற்கு அடுத்த திதி.

ஓர் உண்மையான நாளை வைத்துப் பார்ப்போம். 2024 அக்டோபர் 20 அன்று சென்னையில் சூரியன் மறைந்தது மாலை சுமார் 5.47 மணிக்கு. நிலவு எழுந்தது இரவு சுமார் 8.20 மணிக்கு. இடைவெளி 153 நிமிடம். 48-ஆல் வகுத்தால் மூன்றும் கொஞ்சமும் வரும். மூன்று திதி முடிந்து நான்காவது நடக்கிறது, அதாவது சதுர்த்தி. அன்று சங்கடஹர சதுர்த்திதான்.

கணக்கு திதியைச் சரியாகச் சொன்னாலும் ஒரு சிறு பிசகு இதில் உண்டு. மூன்றும் கொஞ்சமும் என்றால் சதுர்த்தி அப்போதுதான் தொடங்கியதாகப் பொருள். உண்மையில் அந்த நேரத்தில் சதுர்த்தி பாதிக்கு மேல் கடந்திருந்தது. நிலவு சுமார் இருபது நிமிடம் முந்தி உதித்துவிட்டது. காரணம், ஐப்பசியில் பௌர்ணமிக்குப் பின் வரும் நிலவு வானத்தின் வடபகுதியில் நிற்கும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே உள்ள நம் ஊர்களில் வடக்கே நிற்கும் நிலவு முந்தி உதித்துப் பிந்தி மறையும். பங்குனி, சித்திரையில் நிலைமை நேர்மாறு. அப்போது தேய்பிறைச் சதுர்த்தி நிலவு தெற்கே இருக்கும், ஏறக்குறைய அதே இருபது நிமிடம் தாமதமாக வரும். இந்தத் திருத்தத்தை மனதில் வைத்துக்கொண்டால், வகுத்து வரும் விடை முழு எண்ணை ஒட்டி இருக்கும்போது இந்தத் திதியா, பக்கத்துத் திதியா என்று முடிவு செய்வது எளிதாகும்.

நகரத்தில் இன்னொரு சிக்கல். கட்டடமும் மரமும் அடிவானத்தை மறைப்பதால் நிலவு உதிப்பதை யாரும் பார்ப்பதில்லை, மேலே ஏறிய பிறகே கண்ணில் படும். அதற்கும் வழி இருக்கிறது. கையை முன்னே நன்றாக நீட்டி முட்டியை மடக்குங்கள். அந்த முட்டியின் அகலம் வானில் ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். நம் பகுதியில் நிலவு ஏறக்குறைய நிமிர்ந்தே மேலேறுவதால், 10 பாகை ஏற நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். அடிவானத்திலிருந்து நிலவு இரண்டு முட்டி உயரத்தில் இருந்தால், அது உதித்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்று கழித்துக்கொள்ளலாம்.

வளர்பிறையில் மாலை வானம் பேசும்

வளர்பிறை நிலவு பகல் வெளிச்சத்தில் உதிப்பதால் உதயம் நமக்குப் பயன்படாது. அஷ்டமி நிலவு நண்பகலில் எழுகிறது, யார் பார்க்கிறார்கள்? ஆகவே அஸ்தமனத்தைப் பிடிக்க வேண்டும். சூரியன் மறைந்து எத்தனை நிமிடம் கழித்து நிலவு மறைகிறதோ, அதை 48-ஆல் வகுத்தால் முடிந்த திதிகள் கிடைக்கும்.

அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டாம் என்றால், சூரியன் மறையும் வேளையில் நிலவு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மேற்கு அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில் நின்றால் சதுர்த்தி. உச்சியை ஒட்டி நின்றால் அஷ்டமி. கிழக்கே இறங்கி, உச்சிக்கும் கிழக்கு அடிவானத்துக்கும் நடுவில் நின்றால் துவாதசி. கிழக்கு அடிவானத்திலேயே நின்றால் பௌர்ணமி.

மூன்றாம் பிறைக்குத் தனிப் பெயர் இருப்பதற்கும் இந்தக் கணக்கே காரணம். பிரதமையில் நிலவு சூரியனுக்கு 12 பாகைக்குள் இருக்கிறது. அந்தி வெளிச்சம் அடங்கும் முன்பே அதுவும் மறைந்துவிடும், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. துவிதியையில் வானம் தெளிவாக இருந்தால் சிலருக்கு அகப்படும். திருதியையில் சூரியன் மறைந்த பிறகும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் மேற்கில் நிற்பதால் எல்லோருக்கும் தெரிகிறது.

வடிவம் எங்கே நம்பத்தக்கது

வடிவத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஒளி எந்தப் பக்கம் என்பது. ஒளிவிளிம்பு எப்போதும் சூரியன் இருக்கும் பக்கமே திரும்பியிருக்கும். மேற்கு நோக்கி இருந்தால் வளர்பிறை, கிழக்கு நோக்கி இருந்தால் தேய்பிறை. வலப்பக்கம் ஒளிர்ந்தால் வளர்பிறை, இடப்பக்கம் ஒளிர்ந்தால் தேய்பிறை என்று சில புத்தகங்களில் ஒரு விதி இருக்கும். அது வடக்கே தொலைவில் உள்ள நாடுகளுக்குச் சரி. நம் ஊரில் மாலைப் பிறை ஓடம்போல் படுத்துக் கிடக்கும், இடம் எது வலம் எது என்று அதில் சொல்ல முடியாது. நமக்கு உதவுவது வேறு. கிழக்கில் தாழ்வாக நிற்கும் நிலவின் மேல்விளிம்பு குறைந்திருந்தால் தேய்பிறை, கீழ்விளிம்பு குறைந்திருந்தால் வளர்பிறை.

அடுத்தது ஒளிர்ந்த பகுதியின் அகலம். வட்டத்தின் குறுக்களவில் கால் பங்கு ஒளிர்ந்தால் வளர்பிறைப் பஞ்சமி முடியும் நேரம். சரியாகப் பாதி என்றால் அஷ்டமியின் நடு. முக்கால் என்றால் தசமி முடியும் நேரம். தேய்பிறையில் இதே அளவுகள் தலைகீழாக வரும். முக்கால் என்றால் பஞ்சமி, கால் என்றால் தசமி.

கால், அரை, முக்கால் என்பவை ஐந்து, ஏழரை, பத்து என்று நெருங்கி வருவதைக் கவனியுங்கள். ஒளி ஒரே சீராக வளர்வதில்லை. அஷ்டமி ஒன்றிலேயே வட்டத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடிவிடுகிறது. ஆனால் பௌர்ணமிக்கு ஒரு நாள் முன்னோ பின்னோ நூற்றுக்கு ஒரு பங்குதான் குறைந்திருக்கும். அந்தக் குறையைக் கண் உணராது. சதுர்த்தசி, பௌர்ணமி, தேய்பிறைப் பிரதமை மூன்றும் முழு நிலவாகவே தெரியும். அந்த நாட்களில் வடிவத்தை நம்பாமல் நேரத்தைக் கேட்க வேண்டும். இருட்டும் முன்பே கிழக்கில் ஏறி நின்றால் சதுர்த்தசி, இருட்டி அரை மணி கழித்து வந்தால் பௌர்ணமி கடந்துவிட்டது. அஷ்டமியை ஒட்டிய நாட்களிலோ நள்ளிரவு வரை விழித்திருக்கத் தேவையில்லை, விடிந்த பிறகும் மேற்கு வானில் நிற்கும் நிலவின் வடிவமே போதும்.

காலண்டரோடு ஒத்துப்போகாதபோது

நீங்கள் கண்ட திதியும் தினசரி காலண்டர் சொல்வதும் ஒன்று தள்ளி இருந்தால் உடனே கணக்கைச் சந்தேகிக்க வேண்டாம். காலண்டரில் ஒரு நாளுக்குரியதாகச் சொல்லப்படும் திதி காலைச் சூரிய உதயத்தில் இருப்பது. அது மதியமே முடிந்திருந்தால் இரவில் நீங்கள் பார்ப்பது அடுத்த திதியின் நிலவு. திதியின் பக்கத்தில் எத்தனை மணி வரை என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தால் தெளிந்துவிடும். மேலும் நிலவின் வேகம் ஒரே அளவில் இருப்பதில்லை. பூமியை நெருங்கும்போது விரைந்தும் விலகும்போது மெதுவாகவும் செல்வதால் ஒரு திதி 19 மணி நேரத்தில் முடிவதும் உண்டு, 26 மணி நேரம் வரை நீள்வதும் உண்டு. திதி முடியும் நேரத்தில் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும்கூடச் சில நாட்களில் மணிக்கணக்கில் வேறுபடுகின்றன. ஆகவே சிரார்த்தத்துக்கும் விரதத்துக்கும் பஞ்சாங்கம்தான் பார்க்க வேண்டும். கண் கணக்கு ஒரு திதி முன்பின் பிழைக்கு உட்பட்டது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் நிலவு கடிகாரமாகிவிடும். இன்று தேய்பிறை ஏகாதசி என்று தெரியும், இரவில் விழித்தபோது நிலவு அப்போதுதான் எழுகிறது என்றால், பௌர்ணமி கடந்து பத்துத் திதிகள், அதாவது இருபது நாழிகை, எட்டு மணி நேரம். சூரியன் ஆறுக்கு மறைந்திருந்தால் இப்போது மணி இரண்டுக்கு மேல், மூன்று ஆகவில்லை. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் விடியற்காலையில் இருப்பது தேய்பிறைச் சதுர்த்தசி. அமாவாசைக்கு முந்தைய திதி என்பதால் நிலவு சூரியனுக்கு 12 முதல் 24 பாகை முன்னே வரும். மேகம் இல்லாவிட்டால், சூரிய உதயத்துக்கு இரண்டு முதல் நான்கு நாழிகை முன்பு கிழக்கில் அந்த மெல்லிய கீற்றைத் தேடிப் பாருங்கள். அது எழுந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு சூரியன் எழும் நேரத்திலிருந்து கழித்தால், அமாவாசை முடிய இன்னும் எத்தனை பாகை மிச்சம் என்பதை நீங்களே கணக்கிட்டுச் சொல்லலாம்.