சுழி வந்த வழி

பழைய தமிழ் எண்முறையில் இருநூற்று ஐந்தை எழுத மூன்று குறிகள் போதும்: இரண்டு, நூறு, ஐந்து. பத்து, நூறு, ஆயிரம் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி இருந்ததால் அங்கே சுழிக்கு வேலையில்லை.

இடமதிப்பு முறையில் நூறுக்குத் தனிக் குறி கிடையாது. ஓர் இலக்கம் நிற்கும் இடமே அதன் மதிப்பைச் சொல்கிறது. இருநூற்று ஐந்தில் பத்தின் இடம் காலி. அதைக் குறிக்காமல் விட்டால் இரண்டும் ஐந்தும் ஒட்டிக்கொண்டு இருபத்தைந்தாகிவிடும். இந்தக் குழப்பத்தைத் தடுக்கவே காலி இடத்துக்கு ஒரு குறி தேவைப்பட்டது.

பாபிலோனியர்களும் எண்ணின் நடுவே வரும் காலி இடத்துக்கு ஒரு குறி வைத்திருந்தார்கள். ஆனால் அதை அவர்கள் ஓர் எண்ணாகக் கருதவில்லை. இந்தியாவில் பிரம்மகுப்தர் 628-இல் அந்த அடியை எடுத்து வைத்தார். ஓர் எண்ணிலிருந்து அதே எண்ணைக் கழித்தால் வருவது சுழி என்றார்; அதைக் கூட்டவும் பெருக்கவும் விதிகள் தந்தார். சுழியைச் சுழியால் வகுத்தால் சுழியே என்ற அவரது விதியை மட்டும் இன்றைய கணிதம் ஏற்பதில்லை.

குவாலியர் கோட்டைக் கோயில் ஒன்றில் 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. பூந்தோட்டத்தின் நீளம் 270 முழம், நாள்தோறும் கோயிலுக்கு 50 மாலைகள் என்று அது சொல்கிறது. இரண்டு எண்களிலும் கடைசியில் ஒரு சிறு வட்டம் செதுக்கப்பட்டிருக்கிறது.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதின் அல்-குவாரிஸ்மி இந்த முறையை விளக்கி நூல் எழுதினார். 1202-இல் இத்தாலியின் ஃபிபொனாச்சி அதை ஐரோப்பிய வணிகர்களுக்குக் கற்பித்தார்.