சாவி வாங்கும் முன் குளியலறையில் தண்ணீர் கட்டுங்கள்

கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்து, பத்திரிகையும் அடித்துவிட்ட குடும்பத்திடம் கையெழுத்து வாங்குவது பில்டருக்கு மிகச் சுலபம். புதுப் பெயிண்ட் வாசனை, பளபளக்கும் டைல்ஸ், கையில் சாவிக்கொத்து. ‘வீட்டைப் பார்வையிட்டேன், குறை ஏதுமில்லை’ என்ற வரியை யாரும் படிப்பதில்லை. அந்த வரிக்கு முன்னால் தயாராக வேண்டியதுதான் ஸ்னாக் லிஸ்ட், அதாவது முடிக்கப்படாத, சரியாகச் செய்யப்படாத வேலைகளின் பட்டியல்.

பட்டியலைப் பலரும் வரவேற்பறைச் சுவரில் உள்ள பெயிண்ட் திட்டிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். பெயிண்டை எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். குளியலறை அப்படியில்லை. பல அடுக்குமாடி வீடுகளில் குளியலறைக் கான்கிரீட் தளத்தைத் தாழ்த்திப் போட்டு, அந்தப் பள்ளத்தில் நீர்க்காப்புப் பூச்சு பூசி, குழாய்களை ஓடவிட்டு, நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுகிறார்கள். பூச்சில் ஓட்டை இருந்தால் தண்ணீர் அந்த நிரப்பலுக்குள்ளேயே மாதக்கணக்கில் தேங்கும். பிறகு கீழ்வீட்டுக் கூரையிலோ, பக்கத்துப் படுக்கையறைச் சுவரின் அடியிலோ உப்பிப் பெயர்ந்து வெளியே தெரியும். அப்போது டைல்ஸை உடைப்பதைத் தவிர வழியிருக்காது.

முதலில் வாட்டம். ஒரு பக்கெட் தண்ணீரைத் தூர மூலையில் ஊற்றிப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அடிக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் சரிவு இருந்தால் தண்ணீர் தானாக வடிகாலுக்குப் போய்விடும். கம்மோடின் பின்புறத்திலும் கதவோரத்திலும்தான் பெரும்பாலும் குளம் கட்டும். பால்கனியில் தண்ணீர் வீட்டுக் கதவைப் பார்த்து வருகிறதா என்பதையும் அதே பக்கெட்டால் பார்த்துவிடலாம்.

அடுத்தது தண்ணீர் கட்டும் சோதனை. ஐந்தாவது மாடி வீடு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை காலையில் வடிகால் வாயைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய துணியால் அடைத்து, வாசற்படியைத் தாண்டாத அளவுக்கு, அங்குல உயரம் தண்ணீர் நிறுத்தி, சுவர் டைலில் பென்சிலால் கோடு போடுகிறார்கள். ஞாயிறு காலை மட்டம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் அது ஆவியாகிப் போனதாக இருக்கலாம். பாதி காணாமல் போயிருந்தால், அடைப்பு நழுவியதா என்று பார்த்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். எப்படியிருந்தாலும் சைட் இன்ஜினியருடன் நாலாவது மாடிக்கு இறங்கி, அதே குளியலறையின் கூரையை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். குழாய்கள் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தைச் சுற்றி ஈரம் பூத்திருந்தால் விஷயம் அங்கேதான். ஒருநாள் சோதனை பெரிய கசிவைத்தான் காட்டும். மெதுவாக ஊறுவதைக் காட்டாது. அதனால் டைல்ஸ் ஒட்டும் முன் பில்டர் செய்த சோதனையின் தேதியையும் படங்களையும் கேட்டு வாங்குவது நல்லது.

டைல்ஸுக்கு ஒரு நாணயம் போதும். தட்டிக்கொண்டே போனால் சில இடங்களில் சத்தம் ‘டொக்’கென்று வெறுமையாகக் கேட்கும். அடியில் கலவை பிடிக்கவில்லை என்று அர்த்தம். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கேட்டால் பெரும்பாலும் தாங்கும். மூலையிலோ, டைல் முழுவதுமோ கேட்டால் பீரோ காலுக்கு உடையும். அந்த டைலின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிப் படம் எடுத்துவிட வேண்டும்.

மின்சாரத்தில் குறைந்தபட்சம் இரண்டு. கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியின் ‘T’ பொத்தானை அழுத்தினால் அது உடனே விழ வேண்டும். அது விழுந்தாலும் எர்த் இருப்பதாக ஆகாது. அதற்குத் தனியாக ஒவ்வொரு பிளக்கிலும் சாக்கெட் டெஸ்டரைச் செருகிப் பார்க்க வேண்டும்.

பட்டியலை எழுதும் விதம் முக்கியம். ‘பாத்ரூம் சரியில்லை’ என்று எழுதினால் கொத்தனார் வந்து துடைத்துவிட்டுப் போவார். ‘பொதுக் குளியலறை, கம்மோடின் பின்னால் இடது மூலை, தண்ணீர் தேங்குகிறது, டைல்ஸ் பெயர்த்து வாட்டம் திருத்த வேண்டும்’ என்று எழுதினால் தப்பிக்க முடியாது. வரிக்கு ஓர் எண், படம், முடிக்கும் தேதி, இன்ஜினியர் கையெழுத்து. திருத்திய பிறகு அதே சோதனையை மறுபடி செய்ய வேண்டும். திருத்தியதில் பழுது வருவது அபூர்வமல்ல.

சின்னக் குறைகளுக்காக வீட்டை வாங்காமலே இழுத்தடிப்பதும் சரியல்ல. குடியேறத்தக்கது என்ற சான்று வழங்கப்பட்ட 2 மாதத்துக்குள் வீட்டை ஏற்க வேண்டும் என்கிறது 2016-ன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். ஆகவே கையெழுத்தின் மேலே, ‘இணைப்புப் பட்டியலில் உள்ள குறைகளுக்கு உட்பட்டு ஏற்கிறேன்’ என்று எழுதிப் பட்டியலையும் சேர்த்து, பில்டரின் கையொப்பமிட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். அதே சட்டத்தின் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் சொல்லப்படும் கட்டுமானக் குறையையும் வேலைத்தரக் குறையையும் பில்டர் 30 நாளில் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். அந்த 5 ஆண்டுக்குத் தொடக்கம் ஒப்படைப்புக் கடிதத்தில் இருக்கும் தேதிதான்.