வட்டத்தை வளைத்து இறக்கையாக்கினால்

ஓட்டோ லிலியென்டால் 1889-இல் பறவைகள் பறப்பதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் தந்த அளவீடுகளில் ஒன்று அந்தக் காலத்துக் கணித அறிஞர்களைத் தூங்கவிடாதது. நடுவில் சற்றே மேல்நோக்கிப் புடைத்த தகட்டை, முன்முனையைக் கொஞ்சமும் தூக்காமல், வீசும் காற்றுக்குக் கிடையாகப் பிடித்தாலே போதும். காற்று அதை மேலே தள்ளுகிறது. தட்டைத் தகட்டில் இது நடப்பதில்லை. எவ்வளவு வளைவுக்கு எவ்வளவு தள்ளல் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்ல அன்று வழி இல்லை. 1902-இல் மூனிக்கில் மார்ட்டின் குட்டாவும், 1906-இல் மாஸ்கோவில் நிக்கோலாய் ஜுகோவ்ஸ்கியும் தனித்தனியாக அந்த வழியைக் கண்டார்கள். ஜுகோவ்ஸ்கி லிலியென்டாலை நேரில் சந்தித்து, அவரிடமிருந்து ஒரு கிளைடரை வாங்கியும் வந்தவர்.

இறக்கையைச் சுற்றிக் காற்று எப்படி ஓடும் என்று நேரடியாகக் கணக்கிடுவது கடினம். உருளையைச் சுற்றி எப்படி ஓடும் என்பதோ 19-ஆம் நூற்றாண்டிலேயே முழுமையாகத் தெரிந்திருந்தது. ஆகவே தெரிந்த உருளையிலிருந்து தெரியாத இறக்கைக்கு ஒரு பாதை போட வேண்டும். அந்தப் பாதைதான் கோணம் மாறா உருமாற்றம்.

பள்ளி அட்லஸில் உள்ள மெர்க்கேட்டர் உலகப் படத்தைப் பாருங்கள். கிரீன்லாந்து அதில் பூதாகரமாக வீங்கியிருக்கும். அளவுகள் எல்லாம் பொய். ஆனால் இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் கோணம் மட்டும் உண்மையானது. அதனால்தான் மாலுமிகள் அதை நம்பினார்கள். கோணம் மாறா உருமாற்றத்தின் இயல்பு இதுவே. ஒரு படத்தின் மிகச் சிறிய சதுரம் அடுத்த படத்தில் பெரிதாகலாம், சிறுக்கலாம், திரும்பலாம், சதுரமாகவே இருக்கும். உராய்வில்லாத சீரான ஓட்டத்தை வரைந்தால், காற்று செல்லும் கோடுகளும் அவற்றுக்குக் குறுக்கே ஓடும் சமமட்டக் கோடுகளும் எங்கும் செங்குத்தாக வெட்டி இப்படிச் சிறு சதுரங்களையே உண்டாக்கும். சதுரங்கள் கலையாதவரை, ஒரு படத்தில் சரியான ஓட்டம் அடுத்த படத்திலும் சரியான ஓட்டம்தான்.

ஜுகோவ்ஸ்கி பயன்படுத்திய உருமாற்றம் ஒற்றை வரி.

```
z = ζ + 1/ζ
```

இதில் ζ என்பது வட்டத்தின் மேல் உள்ள ஒரு புள்ளி, கலப்பெண்ணாக எழுதப்பட்டது. அதோடு அதன் தலைகீழியைக் கூட்டினால் இறக்கையின் மேல் உள்ள புள்ளி z கிடைக்கிறது. ஒரு வட்டத்தை எடுத்துச் செய்து பார்ப்போம். அதன் மையம் ஆதிப்புள்ளியில் இல்லை, 0.1 இடப்புறமாகவும் 0.1 மேலேயும் நகர்ந்திருக்கிறது. வலப்பக்கம் அது 1 என்ற புள்ளியின் வழியாகச் செல்ல வேண்டும் என்பது நிபந்தனை. அப்படியானால் ஆரம் 1.1045.

இந்த வட்டம் கிடை அச்சை இடப்பக்கம் −1.2-இல் வெட்டும். அதற்கு −1/1.2-ஐக் கூட்டினால் −2.03. இறக்கையின் மூக்கு அங்கே. வலப்பக்கப் புள்ளி 1, ஒன்றோடு ஒன்று சேர்ந்து 2 ஆகிறது. அது வால்முனை. ஆக, மூக்கிலிருந்து வால்வரை நீளம் ஏறத்தாழ 4.03. வட்டத்தின் உச்சிப் புள்ளி −0.1 + 1.2045i. அதன் தலைகீழி −0.07 − 0.82i. கூட்டினால் செங்குத்து உயரம் 1.2-லிருந்து 0.38-க்கு அமுங்கிவிடுகிறது. அடிப் புள்ளியோ −1.0045 ஆழத்திலிருந்து −0.02-க்கு ஏறி, அச்சை ஒட்டி நின்றுவிடுகிறது. மேல்புறம் புடைப்பு, கீழ்ப்புறம் நடுவில் ஏறக்குறையத் தட்டை, முன்னால் மழுங்கிய மூக்கு, பின்னால் கத்தி முனை. பழைய விமானங்களின் இறக்கையை வெட்டிப் பார்த்தால் தெரியும் வடிவம் கண்முன் வந்துவிடுகிறது.

வட்டத்தில் எங்குமே இல்லாத கூர்முனை வாலில் எப்படி வந்தது? ζ = 1 என்ற அந்த ஒரு புள்ளியில் உருமாற்றத்தின் பெருக்கம் பூஜ்யம். அங்கு மட்டும் கோணம் காக்கப்படுவதில்லை, இரட்டிப்பாகிறது. வட்டத்துக்கு வெளியே அந்த இடத்தில் இருந்த 180 பாகைக் காற்றுவெளி 360 பாகையாக விரிய, இறக்கையின் பொருளுக்கு மிஞ்சுவது ஒரு மெல்லிய கூர் மட்டுமே. இந்தக் கூர்முனையில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது.

ஏனென்றால் வடிவம் கிடைத்துவிட்டதே ஒழிய, தூக்குவிசை இன்னும் கிடைக்கவில்லை. உருளையைச் சுற்றிச் சமச்சீராக ஓடும் காற்றை அப்படியே இறக்கைக்கு மாற்றினால் தூக்குவிசை பூஜ்யம். மேலும் கீழும் அழுத்தங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். உருளையைச் சுற்றி ஒரு சுழலோட்டத்தையும் சேர்த்தால் கதை மாறுகிறது. சுழலோட்டம் மேல்புறக் காற்றோடு சேர்ந்து வேகத்தைக் கூட்டும். கீழ்ப்புறத்தில் எதிர்த்துக் குறைக்கும். வேகம் கூடிய பக்கம் அழுத்தம் குறைய, பொருள் மேலே தள்ளப்படும். சுழலோட்டத்தின் அளவை Γ என்று குறித்தால், ஒரு மீட்டர் அகலத்துக்கான தூக்குவிசை L, காற்றின் அடர்த்தி ρ, வேகம் U, Γ மூன்றின் பெருக்கம்.

```
L = ρ U Γ
```

சரி, Γ எவ்வளவு? கணிதம் இங்கே வாய் திறப்பதில்லை. எந்த Γ போட்டாலும் சமன்பாடுகள் நிறைவேறும். ஒரே இறக்கைக்கு எண்ணற்ற ஓட்டங்கள், எண்ணற்ற தூக்குவிசைகள். எதை எடுப்பது என்று தீர்மானிப்பது வால்முனை. இறக்கையின் மேல் காற்றின் வேகம் என்பது வட்டத்தின் மேல் உள்ள வேகத்தை உருமாற்றத்தின் பெருக்கத்தால் வகுத்தது. வாலில் அந்தப் பெருக்கம் பூஜ்யம் என்பதால், வேகம் அங்கே முடிவிலியாகிவிடும். கீழ்க்காற்று கத்தி முனையைச் சுற்றி வளைந்து மேலே ஏறப் பார்க்கிறது என்று பொருள். உண்மைக் காற்றுக்குப் பாகுநிலை உண்டு. அதனால் அப்படித் திரும்ப முடியாது. வட்டத்தில் அந்தப் புள்ளியின் வேகமும் பூஜ்யமாக இருந்தால் மட்டுமே இந்தச் சிக்கல் நீங்கும். அதாவது உருளையின் பின்பக்கம் காற்று தேங்கி நிற்கும் புள்ளி, சரியாக ζ = 1-இல் வந்து விழ வேண்டும். மேல்காற்றும் கீழ்க்காற்றும் வாலில் வழுவழுப்பாகச் சேர்ந்து வெளியேற வேண்டும் என்ற இந்த விதிக்கு இன்று குட்டா நிபந்தனை என்று பெயர். உராய்வே இல்லாத கணக்கில், உராய்வின் ஒரே ஒரு விளைவை மட்டும் உள்ளே விட்டது இந்த விதி.

இது கண்ணால் பார்க்கக்கூடியதும்கூட. அகலத் தட்டில் அசையாத நீரின் மேல் மெல்லிய பொடி தூவி, ஒரு சிறு தகட்டைச் சாய்த்துப் பிடித்து சட்டென்று இழுத்தால், வால்முனை இருந்த இடத்தில் ஒரு சுழி பிரிந்து பின்தங்கும். அது ஒரு திசையில் சுற்ற, அதே அளவு எதிர்ச்சுழற்சி தகட்டைச் சுற்றி அமைந்து கூடவே போகிறது. நம் Γ அதுதான்.

இனி தூக்குவிசையை வட்டத்திலிருந்தே படித்துவிடலாம். காற்று 5 பாகை கீழிருந்து மேல்நோக்கி வருவதாக வைப்போம். சுழலோட்டம் இல்லாவிட்டால், தேங்கும் புள்ளி மையத்திலிருந்து பார்க்க 5 பாகை மேலே இருக்கும். ζ = 1 இருப்பதோ, மையம் மேலே நகர்ந்ததால், 5.19 பாகை கீழே. ஆக, தேங்கும் புள்ளியை 10.19 பாகை கீழே இழுக்க வேண்டும். அதற்குத் தேவையான Γ, அந்தக் கோணத்தின் சைன் மதிப்பையும் வட்டத்தின் ஆரம் a-ஐயும் வைத்துக் கிடைக்கிறது. கீழே உள்ளதில் α காற்றின் கோணம், β இறக்கையின் வளைவு தந்த கோணம்.

```
Γ = 4π U a sin(α + β)
```

இறக்கையின் நீளத்தை 1 மீட்டராகச் சுருக்கினால் ஆரம் 0.274 மீட்டர். வேகம் வினாடிக்கு 30 மீட்டர், அடர்த்தி கனமீட்டருக்கு 1.2 கிலோகிராம் என்று போட்டால் Γ ஏறத்தாழ 18.3. தூக்குவிசை சுமார் 657 நியூட்டன். ஒரு மீட்டர் அகல இறக்கை, 67 கிலோ எடையுள்ள ஓர் ஆளைத் தாங்கும். இப்போது α-வைப் பூஜ்யமாக்குங்கள். அப்போதும் β மிஞ்சுகிறது. 336 நியூட்டன் கிடைக்கிறது. லிலியென்டாலின் வளைந்த தகடு கிடையாக இருந்தும் ஏன் மேலே போனது என்பதற்கான பதில் அந்த 5.19 பாகை. வட்டத்தின் மையத்தை 0.1 அளவு மேலே தூக்கியதிலிருந்து வந்தது அது. இறக்கையை அதே 5.19 பாகை கீழே குனியவைத்தால் தூக்குவிசை முற்றிலும் போய்விடும்.

இதே கணக்கு ஒரு பழைய தவறையும் உடைக்கிறது. மேல்புறக் காற்று நீண்ட தூரம் போக வேண்டியிருப்பதால், கீழ்க்காற்றோடு ஒரே நேரத்தில் வாலை எட்டுவதற்காக வேகமெடுக்கிறது என்று பல புத்தகங்களில் இன்றும் இருக்கிறது. இந்த ஓட்டத்தில் துகள்களைத் தொடர்ந்து பார்த்தால், மேல்புறத் துகள் கீழ்ப்புறத் துகளுக்கு முன்பே வாலைக் கடந்துவிடுகிறது. காற்றுச் சுரங்கத்தில் புகை விட்டுப் பார்த்தாலும் அப்படித்தான். இந்த விளக்கத்தைப் பாடநூல்களிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கணினியில் இதை வரைந்து பார்ப்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மையத்தை இடப்புறம் நகர்த்துவதற்குப் பதில், குறியை மாற்றி 0.1 வலப்புறம் நகர்த்திவிடுவார்கள். வரும் வடிவம் நல்ல இறக்கையாகவே தெரியும். தவறு நடந்ததே புரியாது. ஓட்டக் கோடுகளை வரைந்த பின்தான் அவை இறக்கையின் உடலுக்குள் புகுந்து போவது தெரியும். ζ = −1 என்ற புள்ளியிலும் பெருக்கம் பூஜ்யம். அது எப்போதும் வட்டத்துக்குள் ஒளிந்திருக்க வேண்டும். வலப்புறம் நகர்த்தினால் அது வெளியே காற்றோட்டத்துக்குள் வந்து, படம் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்துவிடுகிறது.

இந்த முறை சொல்லும் எண்ணை எதுவரை நம்பலாம்? காற்று இறக்கையின் மேல்புறத்தை ஒட்டி ஓடும்வரை. சிறிய கோணங்களில் சோதனை மதிப்பு கணக்கை நெருங்கி வரும், சற்றுக் குறைவாக. சூத்திரத்தைக் கேட்டால் 80 பாகைக்கு மேலும் தூக்குவிசை ஏறிக்கொண்டே போகும் என்கும். உண்மை இறக்கையில் 15 பாகையை ஒட்டிய கோணங்களிலேயே காற்று மேல்புறத்திலிருந்து பிய்ந்து, தூக்குவிசை சரிந்துவிடும். விமானிகள் அதை ஸ்டால் என்பார்கள். காற்றின் இழுப்பு விசையை இந்தக் கணக்கு பூஜ்யம் என்றே தரும். இறக்கையின் இரு ஓரங்களிலும் ஏற்படும் இழப்பையும் அறியாது, முடிவில்லாமல் நீளும் இறக்கையைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. கத்தி போன்ற வாலைத் தகட்டில் செய்தால் வளைந்துவிடும் என்பதால், தியோடர் வான் கார்மானும் எரிக் டிரெஃப்ட்ஸும் சூத்திரத்தைச் சற்று மாற்றி, வாலுக்கு ஒரு சிறு கோணம் கிடைக்கும்படி செய்தார்கள். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தியோடர் தியோடர்சன் பாதையைத் திருப்பிப் போட்டார். எந்த இறக்கை வடிவத்தைக் கொடுத்தாலும் அதை வட்டமாக்கி, அதன் அழுத்தத்தைப் படித்தார்.