முச்சந்தியில் உடையும் நகரம்

மன்ஹாட்டனில் பிராட்வேயும் ஐந்தாம் அவென்யூவும் 23ஆம் தெருவருகே ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. மற்ற தெருக்களெல்லாம் நேராக ஓட, பிராட்வே மட்டும் சாய்ந்து வருகிறது. அதனால் அங்கே கத்தி முனை போன்ற ஒரு முக்கோண மனை மிஞ்சியது. 1902இல் அந்த மனையில் எழுந்ததுதான் பிளாட்அயர்ன் கட்டடம். இன்று வரை அதைப் படம் பிடிக்கக் கூட்டம் நிற்கிறது. அதே சந்திப்பைக் கணினி நிரல் ஒன்று தானாக வரைந்தால், பெரும்பாலும் அங்கே கட்டடம் இருக்காது. சுவர் சாலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அல்லது நடைபாதை தலைகீழாகத் திரும்பி, தரையில் கறுப்பாக ஒரு கிழிசல் தெரியும்.

சினிமாவுக்கும் கணினி விளையாட்டுக்கும் முழு நகரம் தேவைப்படும்போது, ஒவ்வொரு தெருவையும் ஒருவர் உட்கார்ந்து வரைய முடியாது. 2021இல் வெளிவந்த ‘மேட்ரிக்ஸ் அவேக்கன்ஸ்’ செயல்விளக்கத்தின் நகரத்தில் ஏறத்தாழ 7,000 கட்டடங்கள். இத்தகைய நகரங்களை விதிகளைக் கொடுத்து வளர்க்கிறார்கள்: முதலில் சாலை, சாலைகள் சூழ்ந்த இடத்தில் பிளாக், பிளாக்கை அறுத்து மனை, மனை மேல் கட்டடம். இந்த வரிசையில் கடைசியில் வரும் கட்டடத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் நகரம் உடைவது முதல் படியில், இரண்டு சாலைகள் சந்திக்கும் இடத்தில்.

இந்தத் துறையின் மூலக் கட்டுரை 2001இல் வந்தது. யோவாவ் பாரிஷும் பாஸ்கல் முல்லரும் எழுதியது. செடிகள் கிளைவிடுவதை விவரிக்க உருவான ‘எல்-சிஸ்டம்’ என்ற இலக்கண முறையைச் சாலைகளுக்குக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து பிறந்த ‘சிட்டிஎஞ்சின்’ மென்பொருளை 2011இல் எஸ்ரி நிறுவனம் வாங்கியது. பிற்பாடு ஷான் பாரெட் என்ற நிரலாளர், இதற்கு இலக்கணமே வேண்டாம், ஒரு முன்னுரிமை வரிசை போதும் என்று வாதிட்டார். என் கட்சியும் அதுதான். எந்தப் பக்கம் ஓடுவது, பக்கத்துச் சாலைகளோடு ஒத்துப்போகிறதா என்ற முடிவுகளையெல்லாம் இலக்கணத்துக்கு வெளியிலிருக்கும் இரண்டு விதித் தொகுப்புகள் எடுக்கும்போது, இலக்கணம் வெறும் சுமைதூக்கியாகிவிடுகிறது.

வரிசை வேலை செய்யும் விதம் எளிது. ஒவ்வொரு சாலைத் துண்டும் முதலில் ஒரு விண்ணப்பம்: எங்கே தொடங்கி, எந்தத் திசையில், எவ்வளவு நீளம், பெருஞ்சாலையா தெருவா, எப்போது பரிசீலிக்கலாம். மிக முந்தைய விண்ணப்பத்தை எடுக்கிறோம். அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் சாலைகளோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறோம். ஒத்துப்போனால் வரைபடத்தில் சேர்த்து, அதன் நுனியிலிருந்து நேராக ஒன்று, இடமும் வலமுமாகக் கிளைகள் என்று புதிய விண்ணப்பங்களைப் போடுகிறோம். தெருவின் விண்ணப்பத்துக்குக் கொஞ்சம் தாமதம் கொடுத்தால் பெருஞ்சாலைகள் முந்திக்கொண்டு ஓடி எலும்புக்கூட்டை அமைத்துவிடும். தெருக்கள் பிறகு இடைவெளியை நிரப்பும். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை மக்கள்தொகை அடர்த்திப் படமும், கட்டம் கட்டமாகவா ஆரம் ஆரமாகவா என்ற பாணியும் சொல்லும். இதையெல்லாம் ஓரிரு நாளில் எழுதிவிடலாம். வதைப்பது அந்த ‘அக்கம்பக்கம் பார்க்கும்’ பகுதி.

ஓர் உதாரணத்தை எண்களோடு பார்ப்போம். ஒரு தெரு (0,0) புள்ளியில் தொடங்கிக் கிழக்கே 100 மீட்டர் போக விண்ணப்பிக்கிறது. 92ஆவது மீட்டரில் வடக்கு தெற்காக ஒரு பழைய தெரு குறுக்கே கிடக்கிறது. புதிய தெருவை அங்கேயே வெட்டி நிறுத்த வேண்டும். மீதி 8 மீட்டர் போகட்டும். வெட்டிய இடத்திலிருந்து வடக்கே 6 மீட்டரில், அதாவது (92,6)இல், ஏற்கெனவே ஒரு சந்திப்பு இருக்கிறது. 6 மீட்டர் இடைவெளியில் இரண்டு சந்திப்புகள் பொதுவாக எந்த ஊரிலும் இராது. எனவே 15 மீட்டருக்குள் பழைய சந்திப்பு இருந்தால் அதோடு ஒட்டிவிடு என்பது விதி. தெருவின் நுனி (92,6)க்கு நகர்கிறது. பழைய தெரு 92இல் இல்லாமல் 104இல் இருந்திருந்தால், நுனியை 4 மீட்டர் நீட்டி முட்டவைத்திருப்போம். அது மூன்றாவது விதி.

பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிக்கல் இதற்குப் பிறகுதான். நுனி நகர்ந்ததும் தெருவின் திசை ஏறக்குறைய 4 டிகிரி மாறிவிட்டது. மாறிய கோடு வேறொரு தெருவை வெட்டுகிறதா என்று மறுபடி முதலிலிருந்து பார்த்தாக வேண்டும். அதைவிடப் பொல்லாதது ஒன்று உண்டு. (92,6) சந்திப்புக்கு மேற்கிலிருந்து ஏற்கெனவே ஒரு தெரு வந்து சேர்ந்திருந்தால், நம் தெருவுக்கும் அதற்கும் நடுவே வெறும் 4 டிகிரி ஆப்பு ஒன்று உருவாகிறது. ஆகவே ஒட்டிய பிறகு, அந்தச் சந்திப்பில் சேரும் ஒவ்வொரு சாலையோடும் கோணத்தை அளந்து, 30 டிகிரிக்குக் குறைந்தால் விண்ணப்பத்தையே கிழித்துப்போட வேண்டும். அந்த 30 எங்கிருந்து வருகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு தவறு கண்ணுக்குத் தெரியாது. புதிய தெரு பழைய தெருவின் நடுவே முட்டும்போது, பழைய தெருவை அந்தப் புள்ளியில் இரண்டு துண்டாக உடைத்து, அங்கே ஒரு சந்தியைப் பதிய வேண்டும். மறந்தால் திரையில் முச்சந்தி தெரியும்; கணக்கில் இருக்காது. இதன் பலன் பிளாக் தேடும்போது வெளிப்படும்.

பிளாக்கைத் தேடுவது இப்படி: ஒவ்வொரு சந்தியிலும் சேரும் சாலைகளைத் திசைக்கோணப்படி அடுக்கிவைத்துக்கொண்டு, ஒரு சாலையில் நடக்கத் தொடங்கி, ஒவ்வொரு சந்தியிலும் எவ்வளவு இடப்பக்கம் திரும்ப முடியுமோ அவ்வளவு திரும்ப வேண்டும். புறப்பட்ட இடத்துக்கே வந்துசேர்ந்தால் சுற்றிவந்தது ஒரு பிளாக். ஒவ்வொரு சாலையிலும் இரு திசையிலும் ஒருமுறை நடந்தால் எல்லா பிளாக்கும் கிடைத்துவிடும். ஊருக்கு வெளியே சுற்றும் நடையும் ஒன்று வரும். அதன் பரப்பளவு எதிர்க்குறியோடு வரும் என்பதால் அடையாளம் கண்டு தள்ளிவிடலாம். முட்டுச்சந்துகளை இந்த நடைக்கு முன் கழற்றி வைத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் நடை உள்ளே போய் அதே வழியில் திரும்பி, பிளாக்கின் விளிம்பில் அகலமே இல்லாத ஒரு முள்ளை விட்டுவிடும்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அறிய ஆய்லரின் பழைய சமன்பாடு ஒன்று போதும். ஒரே தொடர்பாக இருக்கும் சாலை வலையில் சந்திகள் V, துண்டுகள் E, வெளிச்சுற்றையும் சேர்த்து நடைகள் F என்றால், V − E + F = 2. ஒரு சதுரத்தையும் அதன் இரண்டு மூலைவிட்டங்களையும் எடுத்துக்கொள்வோம். நடுவில் சந்தியைச் சரியாகப் பதிந்திருந்தால் சந்திகள் 5, துண்டுகள் 8, நான்கு முக்கோணங்களும் வெளிச்சுற்றுமாக நடைகள் 5, விடை 2. நடுச் சந்தியை மறந்திருந்தால் சந்திகள் 4, துண்டுகள் 6. நடந்து பார்த்தால் நான்கு முக்கோணமும் வராது. எட்டுப் பக்கங்களோடு தன்னைத்தானே முறுக்கிக்கொண்ட ஒரே உருவமும் வெளிச்சுற்றும்தான் வரும். 4 − 6 + 2 = 0. மணி அடித்துவிட்டது. தப்பான எல்லாச் சந்திப்பையும் இது பிடித்துவிடாது. இரண்டு முட்டுச்சந்துகள் சந்தி பதியாமல் குறுக்கே போனால் கணக்கு சரியென்றே சொல்லும். ஆனாலும் ஒரு வரிச் சோதனைக்கு இவ்வளவு கிடைப்பதே பெரிது.

இதுவரை சாலைகள் வெறும் கோடுகள். இனி அகலம் வருகிறது. நியூயார்க்கின் 1811ஆம் ஆண்டுத் திட்டத்தில் சாதாரணத் தெருவின் அகலம் 60 அடி, ஏறத்தாழ 18 மீட்டர். பிளாக்கின் ஒவ்வொரு ஓரத்தையும் அதில் பாதி, 9 மீட்டர், உள்ளே தள்ள வேண்டும். நேர்க்கோண மூலையில் இது சாதாரண வேலை. கூர்மூலையில் நுனி எவ்வளவு பின்வாங்கும் என்பதற்கு d / sin(θ/2) என்ற கணக்கு இருக்கிறது. இதில் d என்பது பாதி அகலம், θ மூலையின் கோணம். 30 டிகிரியில் நுனி 35 மீட்டர் பின்வாங்கும். பொறுத்துக்கொள்ளலாம். 10 டிகிரியில் 103 மீட்டர். நம் 4 டிகிரி ஆப்பில் 250 மீட்டரைத் தாண்டிவிடும்; அங்கே பிளாக்கின் நீளமே 92 மீட்டர். உள்ளே தள்ளிய ஓரங்கள் ஒன்றையொன்று கடந்து, பிளாக் உள்வெளியாகப் புரண்டுவிடும். நான் மேலே சொன்ன கறுப்புக் கிழிசல் இதுதான். 30 டிகிரி என்ற எல்லையும் இங்கிருந்துதான் வருகிறது. சாலை அகலமாக அகலமாக அந்த எல்லையை உயர்த்த வேண்டும். தள்ளிய பிறகு பரப்பின் குறி மாறியிருந்தால், அந்த பிளாக்கைக் கைவிட்டு அங்கே புல்லையோ நடைமேடையையோ போட்டுவிடுவதே மரியாதை.

மனை பிரிப்பதற்கும் மன்ஹாட்டன் நல்ல பாடம். அங்கே பிளாக்கின் குறுகிய பக்கம் 200 அடி. வழக்கமான மனை 25 அடி முகப்பு, 100 அடி ஆழம். முதுகோடு முதுகாக இரண்டு மனை வைத்தால் 200 அடி சரியாகிவிடுகிறது. 800 அடி நீளமுள்ள பிளாக் என்றால் நடுவே நீளவாக்கில் ஒரு கோடு, பிறகு 25 அடிக்கு ஒரு வெட்டு; பக்கத்துக்கு 32 என 64 மனைகள்.

ஆனால் நிரலுக்கு இந்த நடுக்கோடு தெரியாது. பரவலாகப் பயன்படும் முறை, பிளாக்கைச் சுற்றி மிகச் சிறிய செவ்வகத்தைப் போட்டு, அதன் நீளமான பக்கத்தைப் பாதியாக வெட்டி, கிடைத்த துண்டுகளையும் அதேபோல வெட்டிக்கொண்டே போவது. மேற்சொன்ன பிளாக்கில் இது சில வெட்டுகளில் 100 அடிக்கு 100 அடி சதுரங்களாக வந்து நிற்கும். அதுவரை எல்லாவற்றுக்கும் தெருமுகப்பு உண்டு. அடுத்த வெட்டு தெருவுக்கு இணையாக விழுந்தால், பின்னால் இருக்கும் பாதிக்கு வழியே இல்லை. நிஜத்தில் அப்படி ஒரு மனையை யாரும் வாங்கமாட்டார்கள். நிரல் கூசாமல் அதில் பத்து மாடி எழுப்பி, வாசலைப் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்க்க வைத்துவிடும். எனவே வெட்டுமுன் இரு பாதிக்கும் சாலை ஓரம் கிடைக்கிறதா என்று பார்த்து, கிடைக்காவிட்டால் மறுதிசையில் வெட்டிப் பார்த்து, அதிலும் கிடைக்காவிட்டால் வெட்டாமலே விட வேண்டும். வானேகாஸும் உடன் எழுதியவர்களும் 2012இல் வெளியிட்ட மனைப்பிரிப்புக் கட்டுரை, ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருக்கி நடுக்கோட்டைக் கண்டுபிடிக்கும் இன்னொரு முறையையும் விவரிக்கிறது. வளைந்த பிளாக்குகளுக்கு அதுதான் மேல். எழுதத்தான் கடினம்.

இதில் இறங்க நினைப்பவர்கள் கட்டடத்தை அவசரப்பட்டு வைக்காதீர்கள். பிளாக்குகளுக்கு ஒவ்வொரு நிறம் பூசி மேலிருந்து பாருங்கள். முகப்பில்லாத மனைகளைச் சிவப்பில் காட்டச் சொல்லுங்கள். சிவப்பு தெரிந்தால் மனை பிரிக்கும் நிரலைத் திருத்தத் தொடங்குமுன், அந்த பிளாக்கின் மூலையில் உள்ள சந்திப்பை முதலில் சோதியுங்கள்.