விடுதியின் தானியங்கி பதிலில் என்ன இருக்க வேண்டும்?

கொடைக்கானலில் ஒரு குடும்பமே நடத்தும் நான்கு அறை விடுதி என்று வைத்துக்கொள்வோம். இரவு வரும் மின்னஞ்சலுக்கு உடனே பதில் எழுத அங்கே ஆள் இருக்காது. ஜிமெயில் அமைப்புகளில் உள்ள Vacation responder பகுதியில் இப்படி எழுதி வைக்கலாம்:

“உங்கள் மின்னஞ்சல் வந்து சேர்ந்தது. இரவு 8 மணிக்குள் வருபவற்றுக்கு அன்றே பதில் தருவோம். அதற்குப் பிறகு வந்தால் மறுநாள் காலை 11 மணிக்குள். இது முன்பதிவு உறுதி அல்ல. இன்று வந்து சேருபவர்களும் வழியில் தாமதமாகிறவர்களும் இந்த எண்ணில் அழையுங்கள்.”

‘விரைவில்’ என்று மட்டும் எழுதினால், எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று தெரியாமல் விருந்தினர் வேறு விடுதியைப் பார்த்துவிடுவார். கூட்டம் அதிகமான மே மாதத்திலும் காப்பாற்ற முடிகிற நேரத்தையே சொல்ல வேண்டும். ‘உறுதி அல்ல’ என்ற வரி விடுபட்டால், அறை கிடைத்துவிட்டதாக நினைத்துச் சிலர் பெட்டியோடு வந்து நிற்பார்கள்.

ஒருவரே அடுத்தடுத்து எழுதினாலும், நான்கு நாளுக்கு ஒருமுறைதான் ஜிமெயில் இந்தப் பதிலை அனுப்பும். ஆகவே அவசர எண் முதல் பதிலிலேயே இருக்க வேண்டும். அந்த எண், இரவில் எழுந்து கதவைத் திறப்பவர் கையில் இருக்கும் போனுடையதாக இருக்கட்டும்.